தை பொறந்தாச்சு, எல்லாரும் வாங்க

எல்லாருக்கும் வணக்கம், சிங்கப்பூர் பெரியத்தான், டொரண்டோ அத்தை, துபாய் மாப்ளை, குட்டிப் பட்டாளம் எல்லாரும் வாங்க வாங்க. மைக் கொஞ்சம் கரகரங்குது, பொறுத்துக்குங்க.

காலைல இருந்து வாசல்ல ஒரே பாட்டு ஓடுதே, "தை பொறந்தா வழி பொறக்கும் தங்கமே தங்கம்"னு, பசங்க யாரு பாட்டுன்னு கேட்டாங்க. 1958ல வந்த படத்துப் பாட்டுடா, கே.வி. மகாதேவன் மியூசிக், உங்க அப்பத்தா வயசுப் பொண்ணா இருந்தப்போ வந்தது.

அப்பத்தாவுக்கு அந்தப் பாட்டுன்னா உசுரு. ரேடியோல அது வந்துட்டா கையில இருக்குற வேலை அப்படியே நிக்கும், பொங்கப் பானைக்கு மஞ்சக்கொத்து கட்டிட்டிருந்தா கூட முடிச்சு பாதில நின்னுரும், கூடவே பாடுவாங்க, சுருதியெல்லாம் கேக்காதீங்க. அத்தை கல்யாணமாகி கனடா போனப்புறம் தங்கமேங்குற இடத்துல மட்டும் குரல் தழுதழுக்கும், ஏன்னு கேட்டா அடுப்புப் புகைம்பாங்க, கேஸ் அடுப்பு வந்தப்புறமும் அதே பதில்தான்!

இந்தத் தையில அவுங்க இல்ல, ஆனா அவுங்க கூப்பிட்ட தங்கங்க எல்லாம் ஒண்ணா வந்துருக்கீங்க, எனக்கு அது போதும்.

சரி, பானை பொங்குற மாதிரி இருக்கு. அத்தை, நீங்க எடுத்துக் குடுங்க, நாங்க பின்னாடியே பாடுறோம், பொங்குனதும் குலவைய விட்டுறாதீங்க. மாப்ளை, அந்த போனை உள்ள வைங்க, கரும்பு வெட்ட ஆள் வேணும்.