செயற்கைக்கால் பொருத்தும் முகாமுக்காக விடுப்பு கோரும் விண்ணப்பம்

20.02.2026

அனுப்புநர்:
ச. முத்துக்குமரன்,
உதவியாளர், கணக்குப் பிரிவு

பெறுநர்:
மேலாளர், நிர்வாகப் பிரிவு

பொருள்: 09.03.2026 முதல் 20.03.2026 வரை விடுப்பு வேண்டுதல்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால் என்பது தங்களுக்குத் தெரியும். இப்போது போட்டிருப்பது 2022-இல் பொருத்தியது. மீதிக்கால் வற்றிச் சுருங்கிவிட்டதால், அது உட்காரும் கிண்ணம் போன்ற சாக்கெட் லொடலொடக்கிறது. இடைவெளியை நிரப்ப, காலையில் மீதிக்காலில் மூன்று உறை மாட்டிக்கொண்டு வருகிறேன். மதியத்துக்குள் நான்காவதும் தேவைப்படுகிறது. படி ஏறும்போது கால் உள்ளுக்குள் ஏறி இறங்கி எலும்பு முனையில் உரசுகிறது. போன மாதம் அங்கே தோல் உரிந்து புண்ணாகி, இப்போதுதான் ஆறியிருக்கிறது.

பரிசோதித்த மருத்துவர், பழைய சாக்கெட்டில் இனி உறை சேர்த்துச் சமாளிக்க வேண்டாம், புதிதாக அளவெடுத்துப் பொருத்தி நடைப்பயிற்சியும் முடித்த பிறகே வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மேற்கண்ட தேதிகளில் நடக்கும் பொருத்துதல், மறுவாழ்வுப் பயிற்சி முகாமில் எனக்கு இடம் கிடைத்துள்ளது.

அளவெடுக்க இரண்டு நாள் போதாதா என்று தோன்றலாம். சென்ற முறை நானும் அப்படித்தான் நினைத்தேன். செயற்கைக்காலை வாங்கி மாட்டிக்கொண்டு மூன்றாம் நாளே அலுவலகம் வந்தேன். ஒரே வாரத்தில் கொப்புளம். அப்புறம் மூன்று வாரம் ஊன்றுகோலோடு வீட்டில் இருந்தேன். மாவுக்கட்டில் வார்ப்பு எடுத்து, சோதனை சாக்கெட்டைப் போட்டுப் பார்த்து, அழுத்தும் இடங்களைத் திருத்தி, பாதத்தின் கோணத்தைச் சரிசெய்த பிறகுதான் கால் கைக்கு வரும். அதைத் தினமும் சிறிது சிறிதாக நேரம் கூட்டிப் போட்டு, கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துப் பழக வேண்டும். முகாமின் இரண்டாவது வாரம் முழுக்க இதற்கும் நடைப்பயிற்சிக்கும்தான்.

எனவே, இடையில் வரும் சனி, ஞாயிறு நீங்கலாகப் பத்து வேலை நாட்களுக்கு விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மாற்றுத்திறனாளி ஊழியருக்கான சிறப்பு விடுப்பில் சேர்க்க விதி இருந்தால் அதில் சேர்க்கவும். இல்லையென்றால் மருத்துவ விடுப்பில் கழித்துக்கொள்ளலாம். திரும்பி வரும் முதல் வாரம் (மார்ச் 23 முதல் 27 வரை) தரைத்தளத்திலேயே உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தால் உதவியாக இருக்கும். மருத்துவரும் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

பிப்ரவரி மாதக் கணக்கை மார்ச் 6-க்குள் முடித்துவிடுவேன். நிலுவையில் உள்ள பில்களைப் பக்கத்து இருக்கை நண்பர் பார்த்துக்கொள்ளச் சம்மதித்துள்ளார். எந்தக் கோப்பு எங்கே என்று அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். பயிற்சி நேரத்தில் போனை எடுக்க முடியாது, மாலை 5 மணிக்கு மேல் அழைக்கலாம்.

முகாமில் வருகையை மார்ச் 2-க்குள் உறுதி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் தங்கள் முடிவு தெரிந்தால் நல்லது.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. முத்துக்குமரன்

இணைப்பு: மருத்துவரின் பரிந்துரைக் கடிதம், முகாம் அழைப்புக் கடிதம், மாற்றுத்திறனாளி சான்றிதழ் நகல்