கைமடி

ஒடிசாவின் பொலாங்கீரிலிருந்து தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ஒரு நாளுக்கும் மேல் உட்கார்ந்து வந்த சுஷாந்த், திருப்பூரில் இறங்கிய மறுநாளே அங்கேரிபாளையம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்துவிட்டான். கைமடி என்றால் டைலருக்கு மூன்றாவது கை. பண்டலைப் பிரித்து, 25 பீஸ் சரியாக இருக்கிறதா என்று எண்ணி, அடிமடிப்பின் முதல் இரண்டு அங்குலத்தை மடித்து டைலர் கையில் கொடுக்க வேண்டும். தைத்து வந்ததை வாங்கி நூலை வெட்டி அடுக்க வேண்டும். டைலர் கை நீட்டும்போது அங்கே அடுத்த பீஸ் இருக்க வேண்டும். ஒரு கணம் பிந்தினாலும் மிஷின் நிற்கும். பீஸ் ரேட்டில் ஓடும் டைலருக்கு மிஷின் நின்றால் காசு நிற்கும்.

அவனுக்கு வாய்த்த டைலர் துரைசாமி. அடிமடிப்பு தைக்கும் பேட்லாக் மிஷினில் இருபது வருஷக் கை. கோபிப் பக்கத்துக்காரர். ஹிந்தி ஒரு சொல் தெரியாது, ஒடியா கேட்டதே இல்லை. ஆனால் முதல் நாளே தன் டிபன் கேரியரின் கீழ்த் தட்டைக் கழற்றி சுஷாந்த் முன்னால் வைத்தார்.

சுஷாந்த் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தான். இடது பக்கம் ஒடியா, வலது பக்கம் அதற்குத் தமிழ், அதுவும் ஒடியா எழுத்திலேயே. நூல், ஊசி, கத்திரி, பிசிறு, பண்டல். அடுத்த பக்கத்தில் எண்கள். அதற்கடுத்து சோறு, தண்ணி, சில்லறை, சம்பளம், சனிக்கிழமை. செக்கிங்கில் நாலு வருஷமாக இருக்கும் மினதி, அவனுடைய மாவட்டத்துப் பெண், ஒரு விதி சொல்லித் தந்திருந்தாள்: "பெரியவங்ககிட்ட எது பேசினாலும் கடைசியில ஒரு 'ங்க' போட்டுரு. தப்பே வராது."

துரைசாமி அண்ணன் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போனது. ஜூன் மாதம் ஒரு நாள் கரண்ட் போய் ஜெனரேட்டரும் எடுக்காமல் எல்லோரும் இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அதை முதலில் கேட்டான்.

"ஒரு மயிரும் ஆகாது, உக்காருடா."

கொஞ்ச நேரத்தில் விளக்கு வந்தது. பிறகு ஒரு நாள் 24 பீஸை 25 என்று எண்ணிக் கட்டிவிட்டு காண்ட்ராக்டரிடம் திட்டு வாங்கி நின்றான். துரைசாமி தோளில் கை போட்டு, "ஒரு மயிரும் ஆகாது, விட்றா" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது லைன் வீட்டுக் கதவைத் தட்டி, மாத்திரையும் நாலு இட்லியும் வைத்துவிட்டு, நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து அதையேதான் சொன்னார். அடுத்த நாள் காய்ச்சல் விட்டது.

சுஷாந்த் அதற்கு நேராக 'கிச்சி ஹெபனி' என்று எழுதிக்கொண்டான். அவன் அம்மா அப்படித்தான் சொல்வாள். ஒண்ணும் ஆகாது.

அவன் சரியாகத்தான் கேட்டான். ஆனால் அவன் கேட்டதெல்லாம் இருபது மிஷின் இரைச்சலுக்கு நடுவில், தன்னைவிட இளைய பையன்களிடம் துரைசாமி தாழ்ந்த குரலில் பேசியது. சூப்பர்வைசர் செல்வி பக்கத்தில் வந்தால் அவர் வாய் 'ஒண்ணுமில்லீங்க' என்று மாறிவிடும். எந்தச் சொல் எந்த ஆளுக்கு என்பது நோட்டில் ஏறவில்லை.

மினதி சொன்ன 'ங்க'வைச் சேர்த்து அவன் அதைத் தாராளமாகப் புழங்கினான். டீக்கடைப் பெரியவர் பால் பொங்கி வழிந்துவிட்டதென்று அலுத்துக்கொண்டபோது சொன்னான். லைன் வீட்டுக்காரம்மா மோட்டார் ஓடவில்லை, தண்ணி ஏறவில்லை என்றபோது சொன்னான். டீக்கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டுக்காரம்மா கதவைச் சாத்திக்கொண்டார். ஊர்க்காரர்களின் முகம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஆகஸ்டில் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று ஓடியது. 3000 பீஸ், நாலைந்து வயது அளவு, 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. மறுநாள் காலை பத்து மணிக்கு பையரின் இன்ஸ்பெக்ஷன். 3000 பீஸ் லாட்டில் 125 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். 7 பெரிய டேமேஜ் வரை பாஸ், 8 வந்தால் மொத்த லாட்டும் திரும்பும். அதெல்லாம் நூல் பிசிறுக்கும் எண்ணெய்க் கறைக்கும்தான். ஊசித் துண்டு ஒன்றே ஒன்று கிடைத்தாலும் ஆர்டர் போச்சு.

மாலை ஏழு மணிக்கு துரைசாமியின் மிஷினில் ஊசி முறிந்தது.

அடிமடிப்பு பக்கத் தையலைத் தாண்டும் இடம்தான் எப்போதும் ஆபத்து. அங்கே ஓவர்லாக் தடிப்பும் மடிந்து துணி அடுக்கடுக்காக ஏறி நிற்கும். மிஷினை அந்த இடத்தில் மெதுவாக விட வேண்டும். அவசரத்தில் துணியைப் பின்னாலிருந்து கொஞ்சம் இழுத்தாலும் 9-ஆம் நம்பர் ஊசி வளைந்து நீடில் பிளேட்டில் இடிக்கும். டக் என்று ஒரு சத்தம். துரைசாமி காலை எடுத்துவிட்டார். மேல் துண்டு நீடில் பாரில் நின்றது. நடுத்துண்டு பிளேட்டின் மேல் கிடந்தது. முனையைக் காணவில்லை.

முறிந்த ஊசியின் எல்லாத் துண்டையும் ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, மிஷின் நம்பரும் நேரமும் எழுதினால்தான் ஸ்டோரில் புது ஊசி தருவார்கள். செல்வி லைனை நிறுத்தினார். காந்தத்தை மேஜையிலும் தரையிலும் ஓட்டினார்கள். துரைசாமி நீடில் பிளேட்டின் ஸ்குரூவைக் கழற்றி, பஞ்சை பிரஷ்ஷால் வெள்ளைத் தாளில் தட்டி, அடியில் நூலைப் பிடிக்கும் லூப்பர் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். பஞ்சுதான் வந்தது.

முதலாளியம்மா இறங்கி வந்தார். இரண்டு மிஷினோடு வீட்டுத் திண்ணையில் தொழில் தொடங்கியவர், அறுபதைத் தாண்டியவர். "கெடச்சுதா செல்வி?"

"இல்லீங்கம்மா."

"கொழந்தைங்க போடற துணி சாமி இது" என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

சுஷாந்துக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டு வந்தான். இரண்டு கையாலும் நீட்டினான். தனக்குத் தெரிந்த தமிழிலேயே மிக நல்லதைத் தேடி எடுத்து, தெளிவாக, மரியாதையாகச் சொன்னான்:

"அம்மா, கவலப்படாதீங்க. ஒரு மயிரும் ஆகாதுங்க."

மிஷின்கள் எல்லாம் நின்றிருந்ததால் கடைசி டேபிள் வரைக்கும் கேட்டது. செல்வியின் கையிலிருந்த காந்தம் கீழே விழுந்தது. மினதி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். துரைசாமி லூப்பருக்குள் விட்ட தலையை வெளியே எடுக்கவே இல்லை.

முதலாளியம்மா அவனையே பார்த்தார். அந்தப் பையன் இன்னும் சொம்பை நீட்டியபடி நின்றான். கண்ணில் கலக்கம் தவிர வேறு ஒன்றும் இல்லை.

"யாரு கண்ணு உனக்கு இப்பிடிப் பேசக் கத்துக் குடுத்தது?"

அவன் முகம் மலர்ந்தது. "துரைசாமி அண்ணன்ங்க! ரொம்ப நல்ல அண்ணன்ங்க!"

அம்மா தண்ணியை வாங்கிக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். "சரி. மொதல்ல ஊசியப் பாருங்க."

ஓடிக்கொண்டிருந்த பண்டலையும் அதற்கு முந்தின பண்டலையும் தனியாகப் பிரித்தார்கள். மெட்டல் டிடெக்டரில் முதலில் 1.2 மில்லிமீட்டர் சோதனை அட்டையை விட்டு, கத்துகிறதா என்று உறுதி செய்துகொண்டு, பீஸ்களை ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். முறிந்தபோது ஊசிக்கடியில் இருந்த பீஸ் சத்தமில்லாமல் போய்விட்டது. எல்லோருக்கும் அடிவயிறு கலங்கியது. அதே பண்டலில் 11-வது பீஸுக்கு டிடெக்டர் கத்தி பெல்ட் நின்றது. சுஷாந்த் மடித்துத் தயாராக மேஜையில் வைத்திருந்த பீஸ் அது. முனை தெறித்து அதன் மடிப்புக்குள் விழுந்திருக்கிறது. மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. ரெஜிஸ்டரில் ஒட்டி மற்ற துண்டுகளோடு சேர்த்துப் பார்த்தபோது முழு ஊசி ஆனது. மீதியிருந்த பீஸ்களையும் இன்னொரு முறை டிடெக்டரில் விட்டுத்தான் வீட்டுக்குப் போக முடிந்தது.

மாடிப்படியில் வைத்து மினதி அவனிடம் ஒடியாவில் சொன்னாள். அந்தச் சொல்லை அவள் வாயால் சொல்லவில்லை. பெரியவர்கள் முன்னால், பெண்கள் முன்னால் வரவே கூடாத வசவு அது என்று மட்டும் சொன்னாள். சுஷாந்த் படியில் உட்கார்ந்துவிட்டான். டீக்கடைப் பெரியவர், வீட்டுக்காரம்மா, பஸ்ஸில் சில்லறை இல்லை என்ற கண்டக்டர், மாரியம்மன் கோயில் பண்டாரம். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவன் பண்டாரத்தில் நிறுத்திவிட்டான்.

துரைசாமி கீழே நின்றிருந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா" என்றார்.

டீக்கடையில் அவர்தான் பேசினார். "மாமா, இந்தப் பையன் சொன்னது எம்பட வாயி. இவனுக்கு அர்த்தம் தெரியாது." பெரியவர், "நெனச்சேன், இவ்வளவு பணிவா எவனும் வைய மாட்டான்னு" என்றபடி டீயை ஆற்றினார். லைன் வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. வீட்டுக்காரம்மா வாசலிலேயே நிற்க வைத்து துரைசாமியைப் பத்து நிமிஷம் பிடி பிடியென்று பிடித்தார். அவர் தலை குனிந்து, "தப்புத்தானுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சுஷாந்துக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அண்ணன் தனக்காக நிற்கிறார் என்பது புரிந்தது. அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

மறுநாள் இன்ஸ்பெக்ஷனில் 4 டேமேஜ். லாட் பாஸ்.

முதலாளியம்மா இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். "துரைசாமி, பொட்டப் புள்ளைங்க வேலை செய்யற எடம். இனி இந்தப் பேச்சு எங்காதுல விழப்படாது."

"சரிங்கம்மா."

"தண்டனை இருக்குது. தினமும் ஷிப்ட் முடிஞ்சு அரை மணி நேரம் இவனுக்கு பேட்லாக் பழக்கி உடோணும். தொழிலும் பேச்சும் நீயே சுத்தமாக் கத்துக் குடு."

அன்று சாயங்காலமே தொடங்கியது. ஊசிகளை எல்லாம் கழற்றிப் போட்டு, "மாட்டு" என்றார் துரைசாமி. மேலே முட்டும்வரை ஏற்ற வேண்டும், ஊசிக் கண்ணுக்கு மேலே உள்ள குழி பின்பக்கம் பார்க்க வேண்டும், பிறகுதான் ஸ்குரூ. சுஷாந்த் மாட்டினான். நூலைக் கோத்து ஒரு கழிவுத் துணியில் ஓட்டினான். நடு ஊசி தையல் விட்டு விட்டுப் போனது.

துரைசாமி குனிந்து பார்த்தார். நடு ஊசியின் குழி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. வாய் தன்னால் திறந்தது. "டேய், என்ன ம…" அடுத்த டேபிளில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த செல்வியின் பேனா நின்றது. துரைசாமி மூச்சை இழுத்துப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. டார்ச்சை எடுத்து ஊசிக்குப் பின்னால் பிடித்தார்.

"குழி பின்னால பாக்கோணும், சாமி. கழட்டி மாட்டு."