ஏற, இறங்க, நிற்க: நம் வண்டிகளுக்கான விதிகள்

ஜூன் 1 முதல் நம்முடைய நான்கு வண்டிகளுக்கும், அதாவது சேலம் பழைய பஸ் நிலையத்திலிருந்து அடிவாரம் போகும் மூன்று டவுன் பஸ்ஸுக்கும், ஏற்காட்டில் ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர் பக்கம் ஓடும் மினி பஸ்ஸுக்கும், இந்த விதிகள்தான். டிரைவர், கண்டக்டர் கையில் ஆளுக்கு ஒரு காப்பி இருக்கும். பயணிகள் படிக்க முன்கதவுக்கு மேலே ஒன்று ஒட்டியிருக்கும். எழுதுவது வண்டி ஓனர். படித்துவிட்டுச் சண்டை போடத் தோன்றினால் என்னிடம் போடுங்கள், கண்டக்டர் தம்பியிடம் வேண்டாம், நான் சொன்னதைத்தான் அவர் செய்கிறார்.

எங்கே நிற்கும்

1. டவுன் பஸ் நிற்பது பழைய பஸ் நிலையம், கலெக்டர் ஆபீஸ், அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அப்புறம் இவற்றுக்கு நடுவே அனுமதிக்கப்பட்ட நிறுத்தங்கள். முழுப் பட்டியல் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. அதில் இல்லாத இடத்தில் வண்டி நிற்காது. "அண்ணே, அந்தச் சந்துகிட்ட ஒரு செகண்டு" என்று யார் கேட்டாலும் கிடையாது. என் சொந்தக்காரர்கள் கேட்டாலும் கிடையாது. அவர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். யாருக்காவது நெஞ்சுவலி, மயக்கம், பிரசவ வலி என்றால் மட்டும் எங்கே வேண்டுமானாலும் ஓரம் கட்டலாம், தேவைப்பட்டால் வண்டியையே ஆஸ்பத்திரிக்கு விடலாம், டிரிப் போனால் போகட்டும்.

2. சிக்னலில் சிவப்பு விழுந்து நிற்பது நிறுத்தம் இல்லை. அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் வண்டி ஊர்ந்து திரும்புவதும் நிறுத்தம் இல்லை. அங்கே முன்படியிலிருந்து குதிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள், தவறி விழுந்தால் அடுத்து அந்த இடத்துக்கு வருவது நம் வண்டியின் பின்டயர்தான்.

3. நிறுத்தத்தில் ஆட்டோ நின்றால் அதற்குப் பக்கத்தில் நடுரோட்டில் வண்டியைப் போட்டு ஆளை இறக்கக் கூடாது. ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஓரமாக நிறுத்த வேண்டும். வண்டிக்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரு பைக் நுழையும் அளவு இடம் விட்டால் அதில் ஒரு பைக் நிச்சயம் நுழையும், இறங்குகிற அம்மாவின் காலில்தான் வந்து மோதும். அதனால் கண்டக்டர் முதலில் தலையை நீட்டிப் பின்னால் பார்த்துவிட்டு, அப்புறம் "இறங்குங்க" என்று சொல்ல வேண்டும்.

4. பட்டியலில் உள்ள நிறுத்தத்தில் ஆள் நின்றால் வண்டி நின்றே ஆக வேண்டும். முன்னால் போகிற வண்டியைப் பிடிக்கவோ, நிற்பது ஸ்கூல் பிள்ளைகள் என்பதற்காகவோ தாண்டிப் போவதும் கண்ட இடத்தில் நிறுத்துவதும் எனக்கு ஒரே குற்றம்தான். வண்டி நிறைந்திருந்தால் நிறுத்தி, இறங்குகிறவர்களை இறக்கிவிட்டு, "இடம் இல்லைங்க, அடுத்த வண்டியில வாங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடுங்கள்.

5. கை காட்டின இடத்திலெல்லாம் வண்டி நிற்பதற்குக் காரணம் கலெக்ஷன் பேட்டா என்பது எல்லாருக்கும் தெரியும். ரோட்டில் ஒரு ஆளை விட்டால் நம் பையில் காசு குறையும் என்று இருந்தால் எந்த டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார்? ஆகவே ஜூன் 1 முதல் கலெக்ஷன் பங்கு இல்லை. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று நிலையான பேட்டா. தொகை தனியாகப் பேசி முடித்தாகிவிட்டது. கலெக்ஷன் குறைந்தால் அது என் பாடு, அதற்காக யாரையும் கேள்வி கேட்க மாட்டேன். லேட் ஆனாலும் அப்படியே.

ஏறுவதும் இறங்குவதும்

6. முதலில் இறங்குகிறவர்கள், அப்புறம் ஏறுகிறவர்கள். முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள் என்கிற பழக்கம் அப்படியே இருக்கட்டும். ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு சீட் பிடித்தால் அது பிடித்ததாகாது, யார் முதலில் உட்காருகிறாரோ அவர் சீட்.

7. இரண்டு விசில் கொடுக்கும்போது கண்டக்டர் படியைக் கண்ணால் பார்க்கிற இடத்தில் நிற்க வேண்டும். வண்டி நடுவில் டிக்கெட் கிழித்துக்கொண்டே குத்துமதிப்பாக ஊதுவது இனிமேல் வேண்டாம். கடைசி ஆளின் இரண்டு காலும் உள்ளே வந்த பிறகுதான் விசில். பயணி யாராவது தகரத்தைத் தட்டி "போலாம் ரைட்" என்றால் டிரைவர் கியரைத் தொடக் கூடாது. பின்சீட்டுப் பசங்களில் கண்டக்டரை விட நன்றாக விசில் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், சந்தேகமாக இருந்தால் கண்ணாடியில் பாருங்கள்.

8. அடிவாரத்தில் மலை பஸ் நிற்பதைப் பார்த்ததும் ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கத் துடிக்கிற கூட்டம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை தோறும் வரும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறப் போகிறவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் ஒன்றும் ஆகாது. வண்டி முழுதாக நின்ற பிறகு இறங்குங்கள்.

படி

9. ஓடுகிற வண்டியின் படியில் யாரும் நிற்கக் கூடாது. இது நான் புதிதாகக் கண்டுபிடித்த விதி இல்லை, 1988 மோட்டார் வாகனச் சட்டம் 123-வது பிரிவு. படியில் பயணம் செய்கிறவர் மட்டுமல்ல, அப்படி ஏற்றிச் செல்கிறவர்களும் அதில் மாட்டுவார்கள். வண்டிக் கூரைக்கும் அதே பிரிவுதான். கண்டக்டருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் நோட்டுமாகத் தொங்கிக்கொண்டு வந்தால், பசங்களை உள்ளே வா என்று எந்த வாயால் சொல்வீர்கள்?

10. காலேஜ் நேரத்தில் கோரிமேடு வழியில் படி நிறைவது தெரிந்த கதை. ஆனால் அப்போதும் வண்டியின் நடுப்பகுதியில் நாலு பேர் நிற்க இடம் இருக்கும். அடுத்த ஸ்டாப்பில் இறங்கணும் என்று சொல்லி வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரியவர்களால்தான் பாதிப் பசங்க வெளியே தொங்குகிறார்கள். தயவுசெய்து உள்ளே நகருங்கள். கண்டக்டர் குரல் கொடுத்து வழி பண்ணிவிட வேண்டும். அதற்குப் பிறகும் ஒருவன் படியில் நின்றால் ஒரு விசில் கொடுத்து, ஓரம் கட்டி, இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டுக் காத்திருங்கள். அடிக்கக் கூடாது, பையைப் பிடுங்கக் கூடாது, வீட்டாரை இழுத்துத் திட்டக் கூடாது. வேலைக்கு லேட்டாகிறவர்கள் உள்ளே அறுபது பேர் இருக்கிறார்கள், அவர்களே பேசிக்கொள்வார்கள். உண்மையிலேயே இடம் இல்லை என்றால் அவன் இறங்கி அடுத்த வண்டியில் வரட்டும், எடுத்த டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மலை மேல் ஓடும் மினி பஸ்

11. இங்கே பாதி இடத்தில் நிழற்குடை கிடையாது, அதனால் எஸ்டேட் கேட், கடை, கோயில் என்று நிற்கும் இடங்களைப் பெயர் போட்டு வண்டிக்குள் எழுதியிருக்கிறோம். வளைவில் மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது, வீடு அந்த வளைவிலேயே இருந்தாலும் சரி. பனி இறங்கிவிட்டால் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் செல்போன் லைட்டைக் காட்டுங்கள், டிரைவருக்கு நீங்கள் மரமா ஆளா என்று தெரியாது. மலைப் பாதையில் மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. நாம் இறங்கி வரும்போது அதற்காக ஒதுங்கி நின்றாலோ, பின்னால் எடுத்தாலோ, அதுதான் சமயம் என்று யாரும் இறங்கக் கூடாது, பக்கத்தில் என்ன பள்ளம் என்று பார்க்காமல் கால் வைத்துவிடுவீர்கள். மிளகு மூட்டை, காபி மூட்டை எல்லாம் பின்னால் அடுக்குங்கள், கதவு வழியில் வேண்டாம்.

மீறினால்

12. டிரைவர், கண்டக்டருக்கு முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவது தடவை மூன்று நாள் டூட்டி கிடையாது, மூன்றாவது தடவை கணக்கு முடித்துக்கொள்ளலாம். பேட்டாவில் அபராதம் பிடிக்கிற வேலை இல்லை, பிடித்தால் அதை ரோட்டில்தான் சம்பாதிக்கப் பார்ப்பார்கள். புகார் சொல்கிறவர்கள் டிக்கெட்டின் பின்னால் உள்ள நம்பருக்குக் கூப்பிட்டு வண்டி எது, எத்தனை மணி, எந்த நிறுத்தம் என்ற மூன்றையும் சொல்லுங்கள்.

13. கண்டக்டர்கள், டிரைவர்கள் மே 31-க்குள் ஷெட்டில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு காப்பியை வாங்கிக்கொள்ளவும். மினி பஸ்காரர்கள் கீழே இறங்கி வர வேண்டாம், நானே மேலே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்