மாதிரி நேர்காணல் விடை: திருத்தக் குறிப்பு

தம்பி, "கோபமான வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்ற கேள்விக்கு நீ எழுதிய விடையைப் படித்தேன். ஏற்காடு கோடை விழாக் கூட்டம், மலைப்பாதை நெரிசல் என்று பாதிக்கு மேல் சூழலே ஓடுகிறது. இரண்டு வரி போதும். அப்புறம், "எப்போதும் பொறுமையாகப் பேசுவேன்" என்பது குணம், உதாரணம் இல்லை. ஒரே அறை இரண்டு குடும்பங்களுக்குப் பதிவான அந்த இரவை என்னிடம் சொன்னாயே, அதை எழுது. வரவேற்பில் அன்று உன் பொறுப்பு என்ன? "சமாளித்தோம்" என்கிறாய், அதில் நீ எங்கே? பக்கத்து விடுதிக்கு போன் போட்டு அறை பிடித்தது நீதானே! சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்று வரிசையாகச் சொல்லும் ஸ்டார் முறையில் கடைசிப் படியான விளைவு உன் விடையில் ஒரு வரிகூட இல்லை. பெரிய குறை இதுதான். எவ்வளவு நேரத்தில் அவர்களுக்கு அறை கிடைத்தது, போகும்போது என்ன சொன்னார்கள்? அதோடு முடி. திருத்தி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அஸ்தம்பட்டிக்கு வா.