பொருள்: வெள்ளிக்கிழமை ரிலீஸை அடுத்த புதன்கிழமைக்குத் தள்ளிவைக்க வேண்டும்

சிதம்பரம் அண்ணே, வணக்கம்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ஆஃப்லைன் பில்லிங் உள்ள புது பில்டை இந்த வெள்ளிக்கிழமை வெளியிட என்னால் ஒப்புதல் தர முடியாது. அடுத்த புதன்கிழமை காலை போடலாம். காரணம் ஒரே ஒரு பக்தான். ஆனால் அது கடைக்காரரின் கணக்கிலேயே கை வைக்கிறது.

நேற்று நானும் உமையாளும் காரைக்குடியில் நமக்குச் சோதனைக்கு இடம் கொடுத்திருக்கும் பலகாரக் கடைக்குப் போயிருந்தோம். பழைய வீட்டில் நடக்கும் கடை என்பது உங்களுக்குத் தெரியும். முகப்பில் விற்பனை, இரண்டாம் கட்டில் பாக்கிங். வளவில் நின்றால் சிக்னல் நன்றாக இருக்கிறது. உள்ளே இரண்டாம் கட்டு அறைக்குள் போனால், அந்தச் சுவர் கனத்துக்கு, அறுந்துவிடுகிறது. பில் போடும் பையன் போனைக் கையில் வைத்துக்கொண்டே முன்னும் பின்னும் நடக்கிறான். அதனால் பில் சர்வருக்குப் போகிற அந்தச் சில நொடிகளில் நெட் போய்விடுவது அங்கே அன்றாட நடப்பு. நம் ஆபீஸ் வைஃபையில் இப்படி நடக்கவே நடக்காது.

அப்படி அறுந்தபோது என்ன ஆகிறது என்றால்: போன் பில்லை அனுப்புகிறது, சர்வர் வாங்கிப் பதிந்தும் விடுகிறது. ஆனால் "வந்து சேர்ந்தது" என்கிற பதில் போனுக்குத் திரும்பி வருவதில்லை. பில் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு போன் அதையே மறுபடி அனுப்புகிறது. இரண்டாவதாக வருவதும் அதே பில்தான் என்று சர்வருக்குத் தெரிய வழியில்லை. இந்த எண் ஏற்கெனவே இருக்கிறதே என்று பார்த்து, அடுத்த எண்ணைப் போட்டுப் புதுப் பில்லாகப் பதிந்துவிடுகிறது. சர்வரில் இருப்பது இது:

```
bill_no   counter  total    created_at
A/1187    2        4620.00  11:42:07
A/1188    2        4620.00  11:42:39
```

ஒரே விற்பனைக்கு இரண்டு பில். ஸ்டாக்கில் சீப்புச் சீடையும் தேன்குழலும் இரண்டு தடவை கழிந்துவிட்டன. இதை இதோடு விட்டால்கூடக் கையால் ஒரு பில்லை நீக்கிச் சமாளிக்கலாம். எனக்குப் பயம் இதற்கு அடுத்து நடப்பதில்தான்.

போன் தன் கணக்கில் 1187 வரைதான் வந்திருக்கிறது. அடுத்து வரும் வாடிக்கையாளருக்கு 1188 என்று அச்சடித்துக் கொடுக்கிறது. சர்வரிலோ 1188 என்பது முந்தைய ஆளின் பில். ஆக இவருடையது அங்கே 1189 ஆகிறது. அதற்குப் பிறகு அன்று போட்ட ஒவ்வொரு பில்லிலும் காகிதத்தில் ஒரு எண், சர்வரில் வேறொரு எண். நெட் இன்னொரு முறை அறுந்தால் இடைவெளி இரண்டாகிறது. மாலையில் ஒருவர் பில்லோடு வந்து பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால், திரையில் வேறு யாருடைய பெயரோ தொகையோ வரும். நேற்று நாங்களே அப்படிச் செய்து பார்த்தோம்; வந்தது.

ஜிஎஸ்டி விதி 46 படி பில் எண் வரிசையாக இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் ஒரு எண் ஒரு பில்லுக்குத்தான். வாடிக்கையாளர் கையில் உள்ள எண்ணும் ஜிஎஸ்டிஆர்-1இல் போகிற எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். விற்காத பொருளுக்கு வரி காட்டியதாகவும் ஆகிவிடும். நம்மை நம்பிக் கணக்கை ஒப்படைத்தவரை அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது அண்ணே.

"வெள்ளிக்கிழமை போட்டுப் பார்ப்போம், தப்பானால் பழையதுக்குத் திரும்பலாம்" என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேசினோம். அதையும் சோதித்தேன். திரும்ப முடியாது. புது பில்ட் போனில் ஏறியதும் உள்ளே இருக்கும் டேட்டாபேஸின் அமைப்பை மாற்றிவிடுகிறது. பழைய பில்டை வைத்தால் ஆப் திறந்த உடனே இப்படி நின்றுவிடுகிறது:

```
SQLiteException: Can't downgrade database from version 8 to 7
```

ப்ளே ஸ்டோரிலும் பழைய பில்டை அப்படியே திரும்ப ஏற்ற முடியாது. `versionCode` கூடிக்கொண்டேதான் போக வேண்டும். ரிலீஸைப் பாதியில் நிறுத்தினால் புதிதாக வாங்குபவர்களுக்குத்தான் நிற்கும், ஏற்கெனவே அப்டேட் ஆன போன்கள் அப்படியே இருக்கும். ஆப்பை அழித்துவிட்டுப் போடச் சொல்லலாம் என்றால், அனுப்பாமல் போனிலேயே இருக்கும் பில்கள் அதோடு போய்விடும்.

ஆஃப்லைன் வசதியை மட்டும் அணைத்து வைத்து மற்றதை வெளியிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அணைத்தாலும் டேட்டாபேஸ் மாற்றம் நடந்துவிடுகிறது. அதைப் பிரித்தெடுத்து வேறு பில்ட் செய்து சோதிப்பதற்கும் இதைச் சரிசெய்வதற்கும் ஏறக்குறைய ஒரே வேலைதான். ஆனால் புது விற்பனை அறிக்கைப் பக்கம் வெப்பில்தான் இருக்கிறது, ஆப்போடு அதற்குச் சம்பந்தமில்லை, சோதனையும் முடிந்துவிட்டது. அதை வெள்ளிக்கிழமையே போடலாம்.

சரிசெய்யும் வழி தெளிவாக இருக்கிறது. போனில் பில் உருவாகும்போதே அதற்கென்று ஒரு `bill_uuid` ஒட்டிவிட வேண்டும். அதே அடையாளத்தோடு மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் முன்பு கொடுத்த பதிலையே திருப்பித் தர வேண்டும். முத்துராமனிடம் பேசிவிட்டேன், நாளையும் வெள்ளியும் போதும் என்கிறார். சனிக்கிழமை அதே கடையில், தனிப் போனில், சோதனைக் கணக்கில் நாள் முழுக்க ஓட்டுவோம். முகூர்த்த நாள், கல்யாண வீட்டு ஆர்டர் எல்லாம் அன்றுதான் எடுத்துப் போவார்கள், அந்த நெருக்கடியில் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. திங்கள், செவ்வாயில் ரிட்டர்ன், ஸ்டாக், பழைய பில்டிலிருந்து அப்டேட் ஆவது இவற்றை முழுதாகப் பார்க்க வேண்டும். புதன் காலை முதலில் பத்து சதவீதம் பேருக்கு மட்டும்.

இந்த வெள்ளி மாலை வெளியிட்டால் அந்தச் சனி, ஞாயிறு கூட்டத்துக்கு நடுவில்தான் இது வெடிக்கும். ஞாயிறன்று சப்போர்ட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்.

தேவகோட்டை ஜவுளிக்கடைக்காரரிடம் வெள்ளிக்கிழமை என்று நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. கண்டாங்கிச் சேலைக்கென்று தனி கவுண்டர் போட்டுக் காத்திருக்கிறார். அவருக்கு இப்படி அனுப்பலாமா பாருங்கள்:

"ஐயா, வணக்கம். நெட் இல்லாதபோதும் பில் போடும் வசதி வெள்ளிக்கு வரும் என்று சொல்லியிருந்தோம். நெட் விட்டுவிட்டு வரும் இடத்தில் ஒரே பில் இரண்டு முறை பதிவாவதைச் சோதனையில் கண்டுபிடித்தோம். உங்கள் கணக்கில் அப்படி ஆகக் கூடாது என்பதால் அதைச் சரிசெய்து அடுத்த புதன்கிழமை தருகிறோம். அதுவரை இப்போதுள்ள ஆப் வழக்கம்போல வேலை செய்யும்."

போனில் பேச வேண்டுமென்றாலும் நான் உங்களோடு இருக்கிறேன். பில் எண் தவறுவது என்றால் என்ன என்று வியாபாரிக்கு நாம் விளக்க வேண்டியதே இருக்காது.

நாளை காலை 11 மணிக்குள் உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள் அண்ணே. வெள்ளிக்கிழமைக்கென்று ப்ளே ஸ்டோரில் போட்டு வைத்திருக்கும் பில்டை எடுத்துவிட்டு, அறிக்கைப் பக்கத்தை மட்டும் தனியாகத் தயார் செய்ய வேண்டும். சோதனையின் வீடியோவும் சர்வர் லாகும் இதோடு இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மீனாள்
க்யூஏ லீட்