நம் முருகன் கோயிலில் வடமொழி அர்ச்சனையோடு தமிழ் அர்ச்சனையும் வேண்டி ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
தலைவர், செயலாளர், அறங்காவலர்கள்,
அருள்மிகு முருகன் கோயில், யாங்கோன்.

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு,

வணக்கம். இந்தக் கோயிலில் காது குத்தி, கல்யாணம் முடித்து, பெற்றவர்களுக்கு மோட்ச தீபமும் ஏற்றிய குடும்பங்கள் நாங்கள். சன்னிதியில் இப்போது நடக்கும் வடமொழி அர்ச்சனை அப்படியே தொடரட்டும். அதன் பக்கத்திலேயே தமிழ்ப் போற்றியும் திருமுறையும் ஒலிக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல்.

குருக்கள் ஐயா மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவர் குருகுலத்தில் கற்ற முறைப்படி, ஒரு நாளும் தவறாமல் பூஜை செய்கிறார். மழைத் தண்ணீர் தெருவில் முழங்கால் அளவு நிற்கும் ஆடி மாதத்திலும் காலைப் பூஜை நின்றதில்லை. இந்த விண்ணப்பத்தை அவரிடமும் காட்டி ஆசி வாங்கிய பிறகே உங்களிடம் கொண்டுவருகிறோம்.

எங்கள் கவலையெல்லாம் பிள்ளைகளைப் பற்றியது. 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, இந்த நாட்டில் தமிழ் படிக்க வீடும் கோயிலும்தான் மிஞ்சின. வீட்டிலும் இப்போது பர்மியப் பேச்சு பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். தமிழ்ப் பாட்டைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அப்படியாவது பாட வேண்டும் என்ற அந்த ஆசையைக் கோயில் கைவிட்டுவிடக் கூடாது.

சன்னிதியில் நடப்பதையும் பாருங்கள். தட்டை வாங்கிக்கொண்டு "பேர், நட்சத்திரம் சொல்லுங்க" என்று ஐயா தமிழில் கேட்கிறார். பாட்டியும் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும், வெளிநாட்டில் வேலைக்குப் போன மகன் பெயரையும் சொல்கிறார். அப்புறம் நாமாவளி தொடங்குகிறது. பாட்டி கண்ணை மூடிக்கொள்கிறார். பக்கத்தில் நிற்கும் பேத்தி "ஐயா என்ன சொல்றாங்க?" என்று பர்மியத்தில் அம்மாவிடம் கேட்கிறாள். அம்மாவுக்கும் தெரியவில்லை. "கும்பிடு" என்கிறார். அந்த இடத்தில் "முருகா போற்றி, வேலவா போற்றி" என்று சில நிமிடம் கேட்டால், அந்தக் குழந்தையும் கூடவே சொல்லும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. "அர்ச்சனை பாட்டே ஆகும், ஆதலால் மண்மேல் நம்மைச் சொற்றமிழ் பாடுக" என்று சிவபெருமானே சுந்தரரிடம் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை ராஜராஜ சோழன் அமர்த்தியதைக் கல்வெட்டு சொல்கிறது. பெருமாள் புறப்பாட்டில் பிரபந்த கோஷ்டி முன்னால் போகிறது, வேத பாராயணம் பின்னால் வருகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இருந்ததே இல்லை. 2020 பிப்ரவரியில் அதே பெரிய கோயிலின் குடமுழுக்கு தமிழிலும் வடமொழியிலும் நடந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் தமிழ் அர்ச்சனைத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அங்கே வடமொழி அர்ச்சனையும் நிற்கவில்லை, விரும்புகிறவர்கள் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

நம் கோயிலுக்கு நாங்கள் கேட்பது சிறிய அளவில்தான். செவ்வாய், கிருத்திகை, சஷ்டி மாலைகளில் வடமொழி அர்ச்சனை முடிந்ததும் 108 தமிழ்ப் போற்றி சொல்ல வேண்டும். மற்ற நாட்களில் சீட்டு வாங்கும் இடத்தில் தமிழா, வடமொழியா, இரண்டுமா என்று கேட்டால் போதும். கட்டணம் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். மாலைத் தீபாராதனைக்குப் பிறகு தேவாரம் முதல் பெரியபுராணம் வரை பஞ்சபுராணமும், கடைசியில் ஒரு திருப்புகழும் பாடலாம். ஹோமம், கும்பாபிஷேகம், பிரதிஷ்டை போன்றவற்றில் கை வைக்க நாங்கள் கேட்கவில்லை. அவை ஆகமப்படியே நடக்கட்டும்.

ஐயாவுக்குக் கூடுதல் சுமை வரும் என்பது தெரியும். ஆகவே போற்றியை அவர் முதல் சொல்லைச் சொல்லித் தொடங்கி வைத்தால் போதும், மீதியை வகுப்புப் பிள்ளைகளும் நாங்களும் சேர்ந்து சொல்கிறோம். பண்ணோடு பாடத் தெரிந்த பெரியவர்கள் இருவர் முறை வைத்து வரச் சம்மதித்திருக்கிறார்கள். தமிழ் எழுத்திலும், அருகில் பர்மிய எழுத்திலும் போற்றியை அச்சிட்டுக் கொடுக்கும் செலவு எங்களுடையது. எந்தப் போற்றி, எந்தப் பதிகம் என்பதை ஐயாதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தக் கந்த சஷ்டியில் தொடங்கித் தைப்பூசம் வரை நடத்திப் பார்க்க அனுமதி தாருங்கள். அதன்பின் ஐயாவையும் பக்தர்களையும் கலந்து நிர்வாகம் முடிவெடுக்கட்டும். சரிவரவில்லை என்றால் என்ன மாற்றலாம் என்று உட்கார்ந்து பேசுவோம். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டு, எங்களில் மூவர் வந்து பேச ஒரு நேரம் ஒதுக்கித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கோயில் பக்தர்களும் ஞாயிறு வகுப்புப் பெற்றோரும்
(கையெழுத்துகள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)