சின்ன வெங்காயப் பாக்கி ரூ.74,968 தொடர்பாக

கள்ளிமந்தையம்,
10-3-2025

பெறுநர்:
மண்டி உரிமையாளர் அவர்கள்,
ஒட்டன்சத்திரம்.

(ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால்)

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

ஜனவரியில் உங்கள் மண்டிக்கு இறக்கிய சின்ன வெங்காயத்துக்கு இன்னும் ரூ.74,968 வர வேண்டியிருக்கிறது. காய் இறக்கிய எட்டு நாளில் கணக்கு முடித்துத் தருவதாகச் சொல்லித்தான் எடுத்தீர்கள். இரண்டு மாதம் ஆகப்போகிறது. போனில் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வருவதால் எழுத்திலேயே கேட்கிறேன்.

உங்கள் கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்த சிட்டைகளின்படி விவரம்:

8-1-2025, சிட்டை எண் 1147: 22 மூட்டை, 1,086 கிலோ, கிலோ ரூ.42, ஆக ரூ.45,612.
10-1-2025, சிட்டை எண் 1163: 18 மூட்டை, 884 கிலோ, கிலோ ரூ.42, ஆக ரூ.37,128.
17-1-2025, சிட்டை எண் 1190: 15 மூட்டை, 731 கிலோ, கிலோ ரூ.38, ஆக ரூ.27,778.

மூன்றும் சேர்ந்து ரூ.1,10,518. மூட்டைக்கு 10 ரூபாய் இறக்குகூலி, 55 மூட்டைக்கு ரூ.550 கழித்தால் ரூ.1,09,968. ஜனவரி 18 அன்று கையில் கொடுத்தது 20,000. பிப்ரவரி 3 அன்று ஜிபே-யில் வந்தது 15,000. மீதி ரூ.74,968.

மூன்றாவது லோடில் ஈரக்காய் இருந்தது, மூட்டைக்கு இரண்டு கிலோ கழிக்க வேண்டும் என்று போன வாரம் உங்கள் கணக்குப்பிள்ளை சொன்னார். தயவுசெய்து 1190-ஆம் எண் சிட்டையை எடுத்துப் பாருங்கள். தராசில் நின்ற எடை 753. அதன் கீழே "கழிவு 22" என்று அவரே நீல மையில் எழுதி, 731-ஐ வட்டம் போட்டிருக்கிறார். பொங்கலுக்கு அப்புறம் வந்த காய், கொஞ்சம் ஈரம் இருக்கிறது என்று சொல்லித்தான் விலையையும் 42-இலிருந்து 38-க்கு இறக்கினீர்கள். அன்றைக்கு நானும் சரி என்று ஒத்துக்கொண்டேன். எடையிலும் கழித்து, விலையிலும் குறைத்த பிறகு அதே ஈரத்துக்கு இப்போது மறுபடியும் கழிப்பது எந்தக் கணக்கிலும் சேராது. காய் உங்கள் கைக்கு வந்து, விற்றும் போய்விட்டது. இனிமேல் அதைக் காட்டிப் பேச எதுவும் இல்லை.

கேரளப் பார்ட்டி பணம் போடவில்லை என்றும் ஒருமுறை சொன்னீர்கள். உங்களுக்கும் அந்தச் சிரமம் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் நான் காயை விற்றது உங்களிடம். அவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. பட்டறை போட்டு இரண்டு மாதம் வைத்திருந்து விலை பார்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். லோடு குறைகிறது, உடனே கொடு என்று நீங்கள் கேட்டதால்தான் வயலிலிருந்தே ஏற்றிவிட்டேன்.

பிடுங்கி, தாள் அறுத்துக் கொடுத்த பெண்களுக்கு அன்றன்றைக்கே கூலி கொடுத்தாயிற்று. சாக்கு, வண்டி வாடகை எல்லாம் என் கைக்காசு. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனுக்கு இந்த மாதம் 28-ஆம் தேதி கெடு. கெடுவுக்குள் கட்டினால் வட்டி கிடையாது. தாண்டிவிட்டால் வட்டியோடு கட்ட வேண்டும், அடுத்த கடன் வாங்குவதும் சிரமம். சித்திரையில் மறுபடி வெங்காயம் வைக்க ஏக்கருக்கு 600 கிலோ விதைக்காய் வேண்டும். அதற்கு இப்போதே முன்பணம் கேட்கிறார்கள்.

ஆகவே மார்ச் 20-ஆம் தேதிக்குள் முழுப் பணத்தையும், முன்பு 15,000 போட்ட அதே எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். மொத்தமாக முடியாது என்றால் 20-ஆம் தேதி 40,000, மீதி ரூ.34,968-க்கு மார்ச் 27 தேதியிட்ட காசோலை கொடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். 28-ஆம் தேதி கெடுவுக்குப் பற்றாக்குறையை நான் வேறு இடத்தில் புரட்டிக்கொள்கிறேன். கணக்கில் ஏதாவது வித்தியாசம் இருப்பதாக நினைத்தால், எந்தச் சிட்டையில் எவ்வளவு என்று எழுத்தில் தெரிவியுங்கள்; உங்கள் கணக்கு நோட்டோடு உட்கார்ந்து பார்க்க எந்த நாளும் வருகிறேன்.

20-ஆம் தேதி வரை பணமும் வராமல் பதிலும் வராவிட்டால், சிட்டைகளோடு மார்க்கெட் வியாபாரிகள் சங்கத்தில் முறையிடுவேன். அங்கேயும் முடியாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருக்கும். அதுவரை போகாமல் முடித்துக்கொள்ளலாம் என்பதுதான் என் விருப்பம். வெள்ளாமை எடுத்தால் முதலில் உங்கள் மண்டிக்குத்தான் போன் செய்கிறவன் நான்.

மூன்று சிட்டைகளின் நகலும், ஜிபே-யில் பணம் வந்த பக்கத்தின் நகலும் இத்துடன் வைத்திருக்கிறேன். அசல் சிட்டைகள் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
ப. முருகேசன்,
விவசாயி, கள்ளிமந்தையம்.